போய்ச் சேர்ந்ததா, புரிந்ததா? வானொலிக்கு முந்தைய போர்க்களச் செய்திகள்

வானொலி வருவதற்கு முன் படைத்தலைவரின் கட்டளை போர்க்களத்தைக் கடந்து செல்ல நான்கைந்து வழிகளே இருந்தன. காதில் விழும்படி முரசு அறையலாம். குதிரையில் ஆள் அனுப்பலாம். கண்ணுக்குத் தெரியும்படி கொடி அசைக்கலாம், அல்லது கண்ணாடியில் வெயிலைப் பிடித்து மின்னவைக்கலாம். புறாவின் காலில் சீட்டைக் கட்டிப் பறக்கவிடலாம். இவற்றில் எது நம்பகமானது என்பதை வேகத்தையும் தூரத்தையும் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது முதல் கேள்வி. அனுப்பியவர் நினைத்த பொருளிலேயே அது புரிந்துகொள்ளப்பட்டதா என்பது இரண்டாவது. போய்ச் சேர்ந்த விவரம் அனுப்பியவருக்குத் தெரிந்ததா என்பது மூன்றாவது. முதல் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்பார்கள். ஆனால் வரலாற்றில் பெரிய குளறுபடிகள் நடந்தது மற்ற இரண்டிலும்தான்.

இவற்றில் முரசு மிகப் பழையது. ஆயிரக்கணக்கான பேர் மோதும் இடத்தில் மனிதக் குரல் நூறு அடிகூடப் போகாது. அதனால்தான் முரசும் சேகண்டியும் கொடியும் தேவைப்படுகின்றன என்று பழஞ்சீனப் போர்நூலாசிரியர் சுன் சூ விளக்கியிருக்கிறார். சங்ககாலத் தமிழகத்திலும் முரசு வெறும் வாத்தியமல்ல. அதற்குப் பலி கொடுத்து வழிபட்டார்கள். பகைவனின் முரசைக் கைப்பற்றுவதே வெற்றியின் அடையாளமாக இருந்தது. படையின் குரலே அதுதான் என்றால், அதைப் பறித்தவன் வென்றவன் என்பது நியாயமான கணக்கே.

ஐரோப்பியப் படைகளில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஒவ்வொரு படைப்பிரிவிலும் முரசறைவோர் இருந்தார்கள். ஒன்றுகூடு, நட, நில், பின்வாங்கு, சமாதானம் பேச வருகிறோம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாளம் உண்டு. முரசின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. முன்பே ஒப்புக்கொண்ட சில கட்டளைகளைத்தான் அது சொல்லும். 'இடப்பக்கக் குன்றின் பின்னால் எதிரியின் குதிரைப்படை வருகிறது' என்று எந்த ஐரோப்பிய முரசாலும் சொல்ல முடியாது. துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஒருசேர முழங்கத் தொடங்கினால் முரசு சொல்ல வந்ததும் அமுங்கிப்போகும். பிற்காலத்தில் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட பியூகிள் என்ற ஊதுகுழலின் கூர்மையான ஒலி இரைச்சலை ஊடுருவிக் கேட்டது. ஆனால் முரசின் இன்னொரு குறை அதற்கும் தொற்றிக்கொண்டது. ஒலி கேட்கும், அதை எழுப்பச் சொன்னவர் யார் என்பது கேட்காது.

கிரிமியப் போரில், 1854 செப்டம்பர் 20-ஆம் நாள் ஆல்மா ஆற்றங்கரையில் நடந்தது அதற்குச் சான்று. பிரிட்டிஷ் காலாட்படை மேட்டில் ஏறி, ரஷ்யர்களின் பெரிய பீரங்கி அரண் ஒன்றைக் கைப்பற்றி நின்றது. எதிரே ஒரு பெரும்படை வந்தது. அவர்கள் நட்பு நாட்டுப் பிரெஞ்சுக்காரர்கள், சுடாதீர்கள் என்று யாரோ ஓர் அதிகாரி கத்தினார். பியூகிள் ஊதுபவன் சுடுவதை நிறுத்தும் அழைப்பை ஊதினான். தொடர்ந்து பின்வாங்கும் அழைப்பும் ஒலித்தது. ஒரு பியூகிள் ஊதினால் பக்கத்திலிருப்பவனும் அதையே ஊத வேண்டும் என்பது விதி. வரிசை முழுக்க அழைப்பு பரவியது. உயிரைக் கொடுத்துப் பிடித்த அரணை விட்டு வீரர்கள் இறங்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் ரஷ்யர்களேதான். அந்த அதிகாரி யார் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. அன்றைய போரில் பிரிட்டிஷ் தரப்பு வென்றது உண்மைதான். ஆனால் அந்த அரணை மறுபடியும் உயிர்களைக் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. செய்தி பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. அனுப்பியிருக்கக் கூடாத செய்தி அது.

முரசு வெறும் அடையாள ஒலி மட்டுமே என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் முரசு உண்மையாகவே பேசியது. அங்குள்ள பல மொழிகளில் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தே சொல்லின் பொருள் மாறும். அசாந்தி மக்களின் அடும்பான் என்ற இணைமுரசில் ஒன்று உயர்ந்த ஒலியும் மற்றது தாழ்ந்த ஒலியும் எழுப்பும். பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே அறைந்து காட்டலாம். இதில் எழுத்தொலிகள் காணாமற்போய் ஏற்ற இறக்கம் மட்டும் எஞ்சுவதால், ஒரே மாதிரி கேட்கும் சொற்கள் பல இருக்கும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு அழகானது. ஒற்றைச் சொல்லை அறையாமல், எல்லாருக்கும் தெரிந்த நீண்ட தொடராக்கி அறைவார்கள். 'நிலா' என்று மட்டும் சொல்லாமல், பூமியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலா என்பதுபோல நீட்டுவார்கள். செய்தி பல மடங்கு நீளும், குழப்பம் போய்விடும். பிழையைத் தவிர்க்க வேண்டுமானால் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும் என்பதை அந்த முரசறைவோர் புரிந்துவைத்திருந்தார்கள். பல ஐரோப்பியத் தளபதிகளுக்கு அந்தப் பாடம் தெரியாது.

குதிரைத் தூதன் அந்தக் குறையைத் தீர்ப்பவனாகத் தோன்றினான். எழுதிக் கொடுத்தால் எவ்வளவு நுணுக்கமான செய்தியும் போகும். பாரசீகப் பேரரசில் சார்டிஸ் நகரிலிருந்து சூசா வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீண்ட அரசபாதையில், நிலையத்துக்கு நிலையம் குதிரையும் ஆளும் மாறி மாறிச் செய்தியைக் கொண்டுபோனார்கள். நடந்து போகிறவருக்கு மூன்று மாதம் பிடிக்கும் அந்த வழியை அஞ்சல் குதிரைகள் பத்து நாளுக்குள் கடந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பிற்காலத்தில் மங்கோலியர்களும் இதே முறையை ஆசியா முழுக்க விரித்தார்கள். ஆனால் அமைதியான சாலையில் ஓடும் தூதன் வேறு, குண்டு பாயும் களத்தில் ஓடும் தூதன் வேறு. இவன் சுடப்படலாம், வழி தவறலாம், பிடிபடலாம். 1815 ஜூனில் லிக்னியில் தோற்ற பிரஷ்யப் படை பின்வாங்கியபோது, அந்தச் செய்தியை வெலிங்டனிடம் சேர்க்க அனுப்பப்பட்ட அதிகாரி வழியில் சுடப்பட்டு விழுந்தார். பக்கத்தில் நின்ற கூட்டாளிப் படை தோற்றுப் போனதே தெரியாமல் வெலிங்டன் அந்த இரவைக் கழித்தார்.

ஒரே செய்தியை இரண்டு மூன்று தூதர்களிடம் கொடுத்து வெவ்வேறு வழியில் அனுப்புவது நல்ல வழக்கம். போய்ச் சேரும் வாய்ப்பை அது கூட்டும். ஆனால் தவறாக எழுதிய செய்தியை மூன்று பேர் கொண்டுபோனாலும் அது தவறான செய்திதான். 1854 அக்டோபர் 25-இல் பாலக்லாவாவில் நடந்ததை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு உயரமான மேட்டில் நின்றார். கீழே இருந்த பள்ளத்தாக்குகளும் அவற்றுக்கு இடையே ஓடிய குன்று வரிசையும் அவருக்கு வரைபடம்போலத் தெரிந்தன. காலையில் ரஷ்யர்கள் அந்தக் குன்றுகளின் மேலிருந்த அரண்களைப் பிடித்து, அங்கிருந்த பிரிட்டிஷ் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போக ஆயத்தமானார்கள். அதைத் தடுக்கச் சொல்லி அவர் கட்டளை எழுதுவித்தார். குதிரைப்படை விரைந்து முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். எந்தப் பீரங்கிகள் என்று அதில் இல்லை. மேலே நின்றவருக்கு அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கண்ணெதிரே தெரிந்தவை அவைதானே. கட்டளையைக் கொண்டுபோனவர் கேப்டன் லூயிஸ் நோலன், செங்குத்தான சரிவில் எல்லாரையும்விட வேகமாக இறங்கக்கூடிய குதிரைவீரர்.

கீழே பள்ளத்தில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூகன் பிரபுவுக்குக் குன்றுகள் மறைத்தன. அவர் கண்ணுக்கு எட்டியவை பள்ளத்தாக்கின் மறுகோடியில், மூன்று பக்கமும் படை காக்க நின்ற ரஷ்யப் பீரங்கிகள்தான். எந்தப் பீரங்கிகளைத் தாக்குவது என்று அவர் கேட்டார். நோலன் பொறுமையிழந்து, அதோ உங்கள் எதிரி, அதோ உங்கள் பீரங்கிகள் என்ற பொருளில் கையை வீசிக் காட்டினார். அந்தக் கை எங்கே நீண்டது என்பது இன்றுவரை விவாதத்துக்குரியது. ஏறத்தாழ 670 பேர் கொண்ட இலகு குதிரைப்படை பள்ளத்தாக்கின் நெடுக ஓடிப் பீரங்கிகளின் வாயிலேயே மோதியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர் என்பதால், அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

நோலன் கடிதத்தை ஒழுங்காகவே சேர்ப்பித்தார், அதுவும் விரைவாக. குறை அவர் வேகத்தில் இல்லை. 'எந்தப் பீரங்கி' என்ற கேள்வி மேட்டுக்குப் போய்ப் பதிலோடு திரும்பி வர அரைமணி நேரமாவது ஆகும். அவசரக் கட்டளை அதுவரை காத்திருக்காது. கேள்வி கேட்டுப் பதில் பெற முடியாத எந்த வழியிலும், எழுதுபவர் வாசிப்பவரின் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். அதைச் செய்தவர்கள் மிகச் சிலரே.

கேள்வியும் பதிலும் நிமிடக் கணக்கில் மாறும்படி செய்தது கொடி. கடற்படைகள் பல வண்ணக் கொடிகளை ஏற்றி இறக்கிப் பேசின. தரைப்படைக்கு அத்தனை கொடிகளும் கொடிமரங்களும் சுமை. அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆல்பர்ட் மையர் 1850-களில் ஒற்றைக் கொடியை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். கம்பில் கட்டிய கொடியை நேராகப் பிடித்து, இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ சாய்த்து நிமிர்த்த வேண்டும். எத்தனை சாய்ப்பு, எந்த வரிசை என்பதைக் கொண்டு எழுத்துகள் உருவாகும். இரவில் கொடிக்குப் பதில் தீப்பந்தம். பின்னணி இருண்டிருந்தால் வெள்ளைக் கொடி, வானம் பின்னணியானால் கருநிறக் கொடி. மறுமுனையில் ஒருவர் தொலைநோக்கியில் கண் வைத்து எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். புரியாவிட்டால் உடனே திருப்பிக் கேட்கலாம். அனுப்பியவருக்குத் தன் செய்தி போய்ச் சேர்ந்தது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். முரசுக்கும் குதிரைக்கும் இல்லாத வசதி இது.

மையரின் முறையைப் போரில் பெரிதாக முதலில் பயன்படுத்திக் காட்டியது அவருடைய எதிர்த்தரப்புதான் என்பது வேடிக்கை. அவரிடம் உதவியாளராக இருந்த எட்வர்ட் போர்ட்டர் அலெக்சாண்டர் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தென்மாநிலப் படையில் சேர்ந்தார். 1861 ஜூலை 21 காலை, புல் ரன் போரில் அவர் ஒரு குன்றின் மேலிருந்த கொடி நிலையத்தில் நின்றார். வெகு தொலைவில் மரங்களுக்கு இடையே பித்தளைப் பீரங்கி ஒன்றில் வெயில் பட்டு மின்னியது. உற்றுப் பார்த்தபோது துப்பாக்கி ஈட்டிகளும் தெரிந்தன. வடமாநிலப் படை சத்தமில்லாமல் ஆற்றைக் கடந்து இடப்பக்கம் சுற்றி வந்துகொண்டிருந்தது. கல்பாலத்தருகே நின்ற இவான்ஸ் என்ற அதிகாரிக்குக் கொடியில் உடனே எச்சரிக்கை போனது: இடப்பக்கம் கவனம், எதிரி சுற்றிவிட்டான். இவான்ஸ் தன் சிறுபடையைத் திருப்பிக் குறுக்கே நிறுத்தினார். மற்றவர்கள் வந்து சேரும்வரை அது தாக்குப்பிடித்தது. அன்றைய வெற்றி தென்மாநிலப் படைக்குப் போனது. குதிரையில் ஆள் போயிருந்தால் எதிரி வந்த பிறகு செய்தி வந்திருக்கும்.

கொடியின் பெரிய பலவீனம், அது யாருக்கும் தெரியும் என்பதே. இரண்டு தரப்பும் ஒரே ஆசிரியரின் முறையைக் கற்றிருந்ததால், மலைமேல் அசையும் எதிரியின் கொடியைப் படிப்பது இரு தரப்புக்கும் அன்றாட வேலையாகிவிட்டது. அதனால் எழுத்துகளை மாற்றிப் போடும் சங்கேத வட்டுகள் வந்தன. 1864 அக்டோபரில் தென்மாநிலத் தளபதி ஜூபல் ஏர்லி இந்தப் பலவீனத்தையே ஆயுதமாக்கினார். லாங்ஸ்ட்ரீட்டின் பெரும்படை உதவிக்கு வருகிறது, சேர்ந்து நசுக்குவோம் என்ற பொய்ச் செய்தியை எதிரி படிக்கட்டும் என்றே மலையுச்சியிலிருந்து கொடியில் அனுப்பினார். வடமாநிலத்தார் அதைச் சரியாகப் படித்தார்கள். நம்புவதா வேண்டாமா என்பதில்தான் திணறினார்கள்.

கண்ணாடி இந்த ஒட்டுக்கேட்டலைப் பெருமளவு அடைத்தது. ஹீலியோகிராஃப் என்ற கருவியை வடிவமைத்தவர் ஹென்றி மான்ஸ். பாரசீக வளைகுடாத் தந்தித் துறையில், கராச்சியை மையமாகக் கொண்டு வேலை பார்த்தவர். 1869-ஐ ஒட்டி அவர் உருவாக்கியதை இந்திய ராணுவம் ஆப்கன் எல்லையில் சோதித்து ஏற்றுக்கொண்டது. கருவி எளிமையானது. முக்காலியில் ஐந்து அங்குல வட்டக் கண்ணாடி. அதன் நடுவில் ரசம் பூசாத ஒரு புள்ளி. அதன் வழியே பார்த்து எதிர்நிலையத்தைக் குறிவைப்பார்கள். கண்ணாடியின் பின்னால் தந்திக் கருவியில் இருப்பதுபோல ஒரு சாவி. அதை அழுத்தினால் கண்ணாடி சற்றே சாய்ந்து ஒளிக்கற்றை எதிர்நிலையத்தின் மேல் விழும், விட்டால் விலகும். குறுகிய மின்னல், நீண்ட மின்னல் என மோர்ஸ் எழுத்துகள் உருவாகும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் இரண்டாவது கண்ணாடியைச் சேர்த்து ஒளியைத் திருப்புவார்கள். சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால், கண்ணாடியையும் ஓயாமல் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

வானில் சூரிய வட்டத்தின் அகலம் அரைப் பாகை. கண்ணாடியிலிருந்து கிளம்பும் கற்றையும் அதே அளவில்தான் விரியும். 16 கிலோமீட்டர் தொலைவில் அது சுமார் 140 மீட்டர் அகலமாக இருக்கும். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் எதிரிக்கு ஒன்றும் தெரியாது. தெளிந்த வானில் ஐந்து அங்குலக் கண்ணாடி 50 கிலோமீட்டர் வரை வெறுங்கண்ணுக்கே தெரியும். 1894-இல் அமெரிக்க ராணுவத்தினர் யூட்டாவிலும் கொலராடோவிலும் இருந்த இரண்டு மலையுச்சிகளுக்கு இடையே சற்றுப் பெரிய கண்ணாடிகளைக் கொண்டு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் பேசினார்கள். மின்கம்பி வேண்டாம், மின்கலம் வேண்டாம், கருவி ஒருவர் சுமக்கும் எடை. வெயில் மட்டும் வேண்டும்.

அந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்பது 1899-இல் தென்னாப்பிரிக்காவில் தெரிந்தது. நவம்பர் 2-ஆம் நாள் போயர்கள் தந்திக் கம்பியை அறுத்து லேடிஸ்மித் நகரை முற்றுகையிட்டார்கள். உள்ளே ஜெனரல் வைட்டின் படை. தெற்கே மீட்க வந்த ஜெனரல் புல்லரின் படை. இருவருக்கும் இடையே குன்றுகள் வழியே ஹீலியோகிராஃப் பேசியது. ஆனால் நேட்டாலில் அது மழைக்காலம். மேகம் கவிந்த நாட்களில் நகரம் வாய்பேச முடியாமல் இருந்தது. இரவில் கடற்படையின் தேடுவிளக்கை ரயில் பெட்டியில் ஏற்றி, ஒளியை மேகத்தின் மேல் பாய்ச்சிச் செய்தி அனுப்பினார்கள். நகரத்தார் அதைப் படிக்க முடிந்தது. அதே வழியில் பதில் சொல்ல அவர்களிடம் விளக்கு இல்லை.

டிசம்பர் 15-இல் கொலென்சோவில் தோற்ற புல்லர், மறுநாள் கண்ணாடியில் வைட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினார். மீட்க ஒரு மாதம் ஆகும்; தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் வெடிமருந்தைச் சுட்டுத் தீர்த்துவிட்டுக் கிடைத்த நிபந்தனையில் சரணடையலாம் என்பது அதன் பொருள். வைட்டால் நம்ப முடியவில்லை. போயர்கள் சங்கேதப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பும் போலியாக இருக்குமோ என்றே முதலில் ஐயப்பட்டார். ஒரு மின்னலில் அனுப்பியவரின் கையெழுத்து இல்லை, முகம் இல்லை, குரல் இல்லை. கடைசியில் அவர் சரணடைய மறுத்து, முற்றுகை முறியும்வரை 118 நாள் தாக்குப்பிடித்தார்.

அடுத்த மாதம் ஸ்பியான் கோப் மலையில் எல்லா வழிகளும் ஒரே நாளில் கைவிட்டன. 1900 ஜனவரி 23 இரவு ஜெனரல் வுட்கேட்டின் தலைமையில் ஏறத்தாழ 1,700 பேர் இருட்டில் மலையேறினார்கள். மறுநாள் காலை மூடுபனி. கண்ணாடிக்கும் வேலையில்லை, கொடிக்கும் வேலையில்லை. பனி விலகியபோதுதான் தாங்கள் தோண்டிய பதுங்குகுழி தவறான இடத்தில் இருப்பதும், சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து போயர்கள் நேராகச் சுட முடிவதும் தெரிந்தது. சற்று நேரத்தில் வுட்கேட் உயிர்போகும் காயத்தோடு விழுந்தார். உச்சியில் நின்ற கர்னல் கிராஃப்டன் கீழே செய்தி அனுப்பச் சொன்னார். ஜெனரல் இறந்துவிட்டார், உதவிப்படை அவசரம் என்றே தான் சொன்னதாக அவர் பின்னர் கூறினார். கீழே ஜெனரல் வாரனுக்குக் கிடைத்தது வேறு மாதிரி இருந்தது: உடனே உதவிப்படை அனுப்பாவிட்டால் எல்லாம் போயிற்று, ஜெனரல் இறந்தார். வாய்மொழியாகச் சொன்னதைச் சமிக்ஞையாளர் தம் பதற்றத்தில் சுருக்கினாரா, கிராஃப்டனே அப்படித்தான் சொன்னாரா என்பது தீரவில்லை. ஆனால் அந்தச் சொற்களைக் கண்ட தலைமைக்குக் கிராஃப்டன் மேலேயே நம்பிக்கை போனது.

தொலைவில் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த புல்லர், கர்னல் தார்னிகிராஃப்டைத் தலைவராக்கும்படி வாரனுக்குச் சொல்லியனுப்பினார். வாரனின் உத்தரவு ஹீலியோகிராஃபில் மலைக்கு வந்தது. ஆனால் சமிக்ஞை நிலையத்திலிருந்து தார்னிகிராஃப்ட் சண்டையிட்ட இடத்துக்குச் சில நூறு அடி குண்டு மழை. இறுதியில் ஓர் அதிகாரி தவழ்ந்து போய், நீங்கள்தான் இப்போது தலைவர் என்று கூவிச் சொன்னார். பல கிலோமீட்டர் தூரத்தை ஒளி நொடியில் கடந்தது; கடைசிச் சில நூறு அடியை மனிதன் தவழ்ந்து கடக்க வேண்டியிருந்தது. அந்த உத்தரவு மலைமேலிருந்த மற்ற மூத்த அதிகாரிகளுக்குச் சொல்லப்படவே இல்லை. ஒரே மலையில் ஒருவருக்கு மேற்பட்டோர் தாமே தலைவர் என்று நம்பி நாளைக் கழித்தார்கள். உச்சியிலிருந்த கருவிகளில் ஒன்றை எறிகுண்டு நொறுக்கியது. இருட்டியதும் விளக்குச் சமிக்ஞைக்குப் போனபோது விளக்கில் எண்ணெய் இல்லை. கீழே வரச் சொல்லி அழைக்கப்பட்ட ஜெனரல் கோக், தான் மேலேயே இருப்பது நல்லது என்று பதில் சொல்லவும் வழியில்லாமல் இருட்டில் தடவி இறங்கினார்.

பீரங்கிகளும் புதிய ஆட்களும் மேலே வரத் தயாராகிக்கொண்டிருப்பது தார்னிகிராஃப்டுக்கு உரிய நேரத்தில் தெரியவில்லை. அந்தச் செய்தியோடு, அப்போது பத்திரிகை நிருபராகவும் படை அதிகாரியாகவும் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் இருட்டில் ஏறி வந்தபோது, கர்னல் இறங்கும் முடிவை எடுத்துவிட்டார். அதே இரவில் போயர்களில் பெரும்பாலோரும் தாங்கள் தோற்றதாக எண்ணிப் போயிருந்தார்கள். விடிந்தபோது ஆளில்லாத மலையில் ஒருசில போயர்கள் ஏறி நின்று தொப்பியை ஆட்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்து, மலையும் கைவிட்டுப் போனது. அந்த மலையடியிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்குக்கட்டிலில் சுமந்து சென்றவர்களில் காந்தி திரட்டிய நேட்டால் இந்திய மருத்துவத் தொண்டர் படையினரும் உண்டு. சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள்.

புறாவுக்கு வெயில் வேண்டாம், மலையுச்சி வேண்டாம், ரகசியமும் கெடாது. ஆனால் புறாவை எங்கும் 'அனுப்ப' முடியாது. அது தன் கூட்டுக்குத் திரும்பும், அவ்வளவுதான். செய்தி எங்கே போக வேண்டுமோ அங்கே வளர்ந்த புறாவை, செய்தி கிளம்பும் இடத்துக்குக் கூடையில் முன்பே கொண்டுபோயிருக்க வேண்டும். இருட்டிலும் அடர்ந்த பனியிலும் சாதாரணமாகப் பறக்காது. நல்ல வானிலையில் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் போகும். பருந்தும் துப்பாக்கியும் வழியில் காத்திருக்கும்.

1870 செப்டம்பரில் பிரஷ்யர்கள் பாரிஸை முற்றுகையிட்டபோது, நகரத்துப் புறாக்களைப் பலூன்களில் ஏற்றி வெளியே அனுப்பி, செய்தியோடு திரும்பப் பறக்கவிட்டார்கள். புகைப்படக் கலைஞர் ரெனே தக்ரோன் பக்கம் பக்கமான செய்திகளை மெல்லிய படச்சுருளில் சிறுத்துப் பதிந்தார். ஒரு புறா ஆயிரக்கணக்கான செய்திகளைச் சுமந்தது. பாரிஸில் அதை விளக்கொளியில் திரையில் பெரிதாக்கி, எழுத்தர்கள் உட்கார்ந்து நகலெடுத்தார்கள். ஆனால் குளிர்காலப் பனியிலும் பருந்திடமும் பறவைகள் தொலைந்தன. பறக்கவிட்ட ஏறத்தாழ 300 புறாக்களில் வந்து சேர்ந்தவை 60 அளவில்தான். ஐந்தில் ஒன்றுதான் சேரும் என்ற நிலையிலும் அந்த அஞ்சல் வேலை செய்ததற்குக் காரணம், ஒரே சுருளின் படிகளை மீண்டும் மீண்டும் வெவ்வேறு புறாக்களில் அனுப்பியதுதான். சேர்ந்துவிட்டது என்று பாரிஸிலிருந்து வரும் பலூன் சொல்லும்வரை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆப்பிரிக்க முரசறைவோர் கண்ட அதே தீர்வு, வேறு வடிவில்.

புறாவுக்கும் போலி உண்டு. பிரஷ்யர்கள் ஒரு பலூனை வீழ்த்திப் பிடித்த புறாக்களில், பிரெஞ்சுப் படைகள் தோற்றுவிட்டன என்ற பொய்ச் செய்தியைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். புறாக்கள் விசுவாசமாகக் கூடு திரும்பின. ஆனால் சீட்டைக் கட்டியிருந்த விதம் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. கீழே போட்டிருந்த கையெழுத்துக்கு உரியவர் அப்போது பாரிஸிலேயே இருந்தார். மோசடி உடனே வெளிப்பட்டது.

முதல் உலகப் போரில் வானொலி வந்துவிட்டது, ஆனால் முன்வரிசை வீரன் தூக்கிப்போகும் அளவுக்குச் சிறியதாகவில்லை. தொலைபேசிக் கம்பிகளை எறிகுண்டுகள் மணிக்கொரு தடவை அறுத்தன. அங்கே கூடுகள் அருகில், 20, 30 கிலோமீட்டருக்குள் இருந்ததால் பயிற்சி பெற்ற புறாக்களில் பெரும்பாலானவை வீடு சேர்ந்தன. 1916 ஜூன் 4-இல் வெர்தூன் அருகே வோ கோட்டைக்குள் சூழப்பட்ட மேஜர் ரேனால், தன் கடைசிப் புறாவைப் பறக்கவிட்டார். நச்சுப்புகைத் தாக்குதலில் இருக்கிறோம், உடனே மீட்க வேண்டும், சுவில் கோட்டைக்கு விளக்கில் கூப்பிட்டும் பதில் இல்லை, அங்கிருந்து எங்களுக்குச் சமிக்ஞை கொடுங்கள், இது கடைசிப் புறா என்பது செய்தியின் சாரம். நச்சுப்புகையைச் சுவாசித்த அந்தப் பறவை செய்தியைச் சேர்த்துவிட்டு இறந்தது. அனுப்ப எடுத்த மீட்பு முயற்சி தோற்றது; தண்ணீர் தீர்ந்த நிலையில் ஜூன் 7-இல் கோட்டை சரணடைந்தது. புறா போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் ரேனால் காத்திருந்த அந்த நேரம்தான் புறா அஞ்சலின் உண்மையான விலை.

களத்தில் நம்பத்தக்க வழி எது என்று ஒரே ஒன்றைக் கேட்டால், வெயிலுள்ள நாட்டில், பேசத் தெரிந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே ஹீலியோகிராஃபையே சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் மின்னல் வந்ததே அதற்குக் காரணம். வானொலி வந்த பிறகும் பிரிட்டிஷ் வழிவந்த படைகள் அதை இரண்டாம் உலகப் போர்க்காலம்வரை கைவிடவில்லை. புறாவின் ஆயுள் அதைவிட நீண்டது. 1946-இல் ராணுவம் கொடுத்த புறாக்களைக் கொண்டு ஒடிஷா காவல்துறை ஒரு புறா அஞ்சல் பிரிவைத் தொடங்கியது. 1999 அக்டோபரில் பெரும்புயல் அந்த மாநிலத்தின் தொலைபேசியையும் வானொலித் தொடர்பையும் வீழ்த்தியபோதும் அந்தப் புறாக்கள் செய்தி சுமந்தன.